மேனேஜர் வேலை முழுவதும் என் தலையில், பதவிப் பெயர் மட்டும் இல்லை. டீமில் சொன்னால் கேட்க ஆளில்லை

கடைசித்தேதி எழுதியது:

எங்கள் கணக்குப் பிரிவு மேனேஜர் வேறு பிரிவுக்குப் போய்விட்டார். புது ஆள் வரும்வரை நீ பார்த்துக்கொள் என்று தலைமை அதிகாரி மீட்டிங் முடிந்து எழும்போது வாயால் சொன்னதோடு சரி. என் பழைய வேலையும் குறையவில்லை. போன மாதக் கணக்கு முடிக்கும் நாளில் இரண்டு பேர் லீவு கேட்டார்கள், ஒருவருக்குத்தான் தர முடியும் என்றேன். மற்றவர் என்னைவிட சீனியர். ஒரு வார்த்தை பேசாமல் சிஸ்டத்தில் விண்ணப்பம் போட்டார், அது நேராக அதிகாரிக்குப் போனது, அவரும் ஒப்புதல் கொடுத்துவிட்டார். அவருடைய பதிவுகளையும் நானே இரவு உட்கார்ந்து போட்டேன். இப்போது மற்றவர்களும் "சார் கிட்டயே கேட்டுக்கிறேன்" என்கிறார்கள். அந்த சீனியரை எப்படி வழிக்குக் கொண்டுவருவது?

நேர்பேச்சு:

கூடுதல் சம்பளம் கேளுங்கள். தரவில்லையா, கூடுதல் வேலையைத் தொடாதீர்கள். இரண்டு மாதக் கணக்கு தாமதமானால் தானாக ஆர்டர் வரும்.

பழைய இன்சார்ஜ்:

சம்பளம் கேட்கச் சொன்னது சரி. ஆனால் கணக்கு தாமதமானால் விளக்கம் கேட்பது இவரிடம்தான், அதிகாரியிடம் யாரும் கேட்கப்போவதில்லை. இன்னொன்று, கூடுதல் பொறுப்புக்கென்று தனிப் படி தரும் பல இடங்களில் அது எழுத்தில் வந்த தேதியிலிருந்துதான் கணக்காகும், குறிப்பிட்ட காலம் தொடர்ந்து பார்த்திருக்கவும் வேண்டும். உங்கள் பணிவிதியைப் பாருங்கள். வாய்ச்சொல்லில் ஓடும் நாட்கள் பெரும்பாலும் வீண்.

கடைசித்தேதி, சீனியரை அப்புறம் பார்க்கலாம். ஓட்டை மேலே இருக்கிறது. லீவு ஒப்புதல் சிஸ்டத்தில் இன்னும் அதிகாரி பெயரில் இருக்கும்வரை நீங்கள் மறுத்ததற்கு மதிப்பே கிடையாது. அவர் உங்களைக் கவிழ்க்க நினைத்திருக்கவும் மாட்டார், திரையில் வந்ததை அழுத்தியிருப்பார். அதனால் மெயிலை நீங்களே எழுதிக் கொடுங்கள், அவர் அனுப்பினால் போதும். நான் அனுப்பவைத்தது ஏறக்குறைய இப்படி:

"இன்று முதல் இந்தத் தேதி வரை, அல்லது புதிய மேனேஜர் சேரும் வரை, கணக்குப் பிரிவின் பொறுப்பை இவர் கூடுதலாகக் கவனிப்பார். வேலைப் பங்கீடு, லீவு, மாத முடிவுப் பதிவுகளைச் சரிபார்ப்பது இவரிடம். ஆண்டு மதிப்பீடும் ஒழுங்கு நடவடிக்கையும் என்னிடமே இருக்கும்."

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். எந்த அதிகாரம் உங்களிடம் இல்லை என்பதையும் எழுதிவிட்டால், நாளைக்கு யாரும் "நீ யார் எனக்கு மதிப்பெண் போட" என்று கிளப்ப முடியாது. மெயில் டீமுக்கு மட்டும் போனால் போதாது, பில் அனுப்பும் கொள்முதல் பிரிவுக்கும் போக வேண்டும். சிஸ்டத்தில் லீவு ஒப்புதலை உங்கள் பெயருக்கு மாற்றச் சொல்லுங்கள். முடியாது என்றால், உங்களைக் கேட்காமல் அழுத்த மாட்டேன் என்று அதிகாரியிடம் ஒரு வார்த்தை வாங்குங்கள். அப்படியே உங்கள் பழைய வேலையில் எதை யாரிடம் கொடுப்பது என்றும் அவரையே சொல்ல வையுங்கள், நீங்களாகத் தள்ளிவிட்டால் அதற்கும் ஒரு சண்டை வரும்.

மூன்றாம் மேசை:

நான் அந்தப் பக்கத்து ஆள். எங்கள் இடத்தில் ஒருவரை இப்படித்தான் உட்கார வைத்தார்கள், எங்களுக்கு யாரும் சொல்லவே இல்லை. வந்த வாரமே ஃபைல் வைக்கும் முறையை மாற்றினார், தினமும் அறிக்கை கேட்டார், பழைய மேனேஜரோ இன்னும் எங்களுக்கு மெயிலில் வேலை சொல்லிக்கொண்டிருந்தார். யார் சொல்வதைக் கேட்பது? நாங்களும் முரண்டு பிடித்தோம்தான். நீங்களும் இப்படி எதையாவது மாற்றினீர்களா?

கடைசித்தேதி:

எதையும் மாற்றவில்லை, இருப்பதை ஓட்டவே நேரமில்லை. ஆனால் பழைய மேனேஜர் விஷயம் இங்கேயும் உண்டு, சீனியர் இன்னும் அவரிடம்தான் சந்தேகம் கேட்கிறார்.

பழைய இன்சார்ஜ்:

அப்படியானால் பழைய மேனேஜரிடம் நேரில் பேசுங்கள். சீனியர் கேட்கும்போது "இனி அவரிடமே கேளுங்கள்" என்று உங்களைக் காட்டி அவர் பதில் போட்டால் போதும். சீனியரிடம் தனியாகப் பேசும்போது லீவு விஷயத்தில் தொடங்காதீர்கள். அந்த நாற்காலி தனக்கு வரும் என்று அவர் நினைத்திருக்கலாம், அதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். அடுத்த மாத முடிவில் எந்தப் பதிவுகளை எந்த நாளுக்குள் முடிப்பார் என்று அவரையே சொல்லச் சொல்லி, அதை டீம் பட்டியலில் அவர் பெயரோடு போடுங்கள். தவறினால் அந்தப் பட்டியலே அதிகாரியிடம் பேசும்.

நேர்பேச்சு:

பட்டியல் எல்லாம் சரி, மனிதர் அதையும் மதிக்கவில்லை என்றால்? ஒழுங்கு நடவடிக்கைதான் இவர் கையில் இல்லையே.

கடைசித்தேதி:

மெயிலை அதிகாரி அனுப்பிவிட்டார், கொள்முதல் பிரிவையும் சேர்த்து. முடிவுத் தேதி இருந்த இடத்தை மட்டும் "மறு உத்தரவு வரை" என்று மாற்றிவிட்டார். சிஸ்டம் மாற்றத்துக்கு மனிதவளப் பிரிவு பதவிப் பெயர் கேட்கிறது, இல்லாத பெயரை எங்கே போய்த் தேட. இளையவர்கள் இரண்டு பேர் லீவுக்கு என்னிடம் வந்து கேட்டார்கள். சீனியர் பட்டியலில் தன் பெயருக்கு எதிரே தேதி போட்டிருக்கிறார், பேச்சு மட்டும் இன்னும் இல்லை. முடிவுத் தேதியை மறுபடி கேட்கலாமா, கேட்டால் பொறுப்பையே பிடுங்கிவிடுவார்களா? இப்படிக் கேட்டுப் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.