வெஞ்சுரிமீட்டர் ரெக்கார்டும் ஒரே ஒரு மாடல் கால்குலேஷனும்: உங்களுக்கு என்ன நடந்தது?

பழைய சிவில்காரன்:
ஹைட்ராலிக்ஸ் லேபில் ஆறு ரீடிங் எடுத்தோம். ஆறுக்கும் முழுக் கணக்கு எழுதி நாலு பக்கம் நிரப்பினேன். மூன்றாவதை மட்டும் விட்டுவிட்டு மற்ற ஐந்தையும் மேடம் பென்சிலால் அடித்தார். "இதெல்லாம் டேபிளில் ஒரு வரி" என்றார். சரி என்று, மூன்றாவதற்கு மட்டும் கையால் கணக்கு எழுதி, மீதியை எக்ஸெல்லில் போட்டு டேபிளாக ஒட்டினேன். மாட்டியது அங்கேதான். கையால் போட்டதில் வெளியேற்றக் கெழு Cd 0.94, டேபிளில் அதே மூன்றாவது வரியில் 0.91!

லேப்வாசி:
மானோமீட்டரில் பாதரச மட்ட வித்தியாசம் எவ்வளவு?

பழைய சிவில்காரன்:
10 செ.மீ.

லேப்வாசி:
அப்படியானால் எக்ஸெல்லில் 12.6க்குப் பதில் 13.6 போட்டிருப்பீர்கள். பாதரசம் தண்ணீரைவிட 13.6 மடங்கு கனம், ஆனால் அதன் மேல் தண்ணீர் நிற்பதால் 13.6இல் ஒன்றைக் கழிக்க வேண்டும். கையால் போட்டதில் தண்ணீர் உயரமாக மாற்றிய வித்தியாசம் H 1.26 மீட்டர், டேபிளில் 1.36. அது Cd ஃபார்முலாவில் கீழே வர்க்கமூலத்துக்குள் போவதால் எல்லா வரியிலும் Cd கிட்டத்தட்ட 4 சதவீதம் இறங்கியிருக்கும். எல்லாம் சேர்ந்து இறங்கினால் டேபிளை மட்டும் பார்த்து யாருக்கும் சந்தேகம் வராது, 0.91உம் நம்பும்படியான எண்தானே. அந்த ஒரு கைக்கணக்குதான் காட்டிக்கொடுத்தது. எந்த ரீடிங் என்று எண்ணைத் தலைப்பில் போடாமல் விட்டிருந்தால் அதுவும் நடந்திருக்காது.

மெக்கானிக்கல் பையன்:
எப்போதும் முதல் ரீடிங்கைத்தானே எழுத வேண்டும்? சீனியர்கள் அப்படித்தான் சொன்னார்கள்.

லேப்வாசி:
எழுதலாம், தப்பில்லை. ஆனால் பலர் முதலில் வால்வைக் கொஞ்சமாகத்தான் திறப்பார்கள். வித்தியாசம் 2 செ.மீ. என்றால், 1 மி.மீ. தவறாகப் படித்தாலே H 5 சதவீதம் மாறும். நான் நடுவில் ஒன்றை எடுக்கச் சொல்வேன்.

டிசைன் ஆபீஸ்:
எங்கள் கதை கொஞ்சம் வேறு. ஒரு வீட்டுக்கான பீம் டிசைனில் ஒரு பீமுக்கு மட்டும் முழுக் கணக்கு காட்டி, மீதியை அப்பெண்டிக்ஸில் டேபிளாக வைத்தேன். மாதிரிக்கு எடுத்தது இரு முனையிலும் சாதாரணமாகத் தாங்கப்பட்ட பீம், மொமென்ட் wL²/8. ஆனால் பட்டியலில் பால்கனி கான்டிலீவர் ஒன்றும் இருந்தது. அதற்கு wL²/2 வர வேண்டும், டேபிளிலோ ஒரே ஃபார்முலாவைக் கீழே வரை இழுத்துவிட்டிருந்தேன். மொமென்ட் நாலில் ஒரு பங்கு! செக் செய்தவர் திருப்பி அனுப்பினார். அதிலிருந்து ஃபார்முலா மாறும் இடமெல்லாம் தனியாக ஒரு மாதிரிக் கணக்கு எழுதுகிறேன்.

மெக்கானிக்கல் பையன்:
எங்கள் சார் ஆறையும் கையால்தான் எழுதச் சொல்கிறார். எக்ஸெல் ஸ்கிரீன்ஷாட் ஒட்டினால் மார்க் கிடைக்குமா?

பழைய சிவில்காரன்:
அதை உங்கள் சாரிடம்தான் கேட்க வேண்டும், தம்பி. எனக்கு இன்னொரு சந்தேகம். ஆறு வரி டேபிளையும் அப்பெண்டிக்ஸுக்குத் தள்ளணுமா?

லேப்வாசி:
ஆறு வரிதானே, கிராஃபுக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும்.

டிசைன் ஆபீஸ்:
நான் தள்ளிவிடுவேன். ரிப்போர்ட் படிப்பவருக்கு Cd போதும்.