இந்தியாவும் அரிசி விற்கிறது, அமெரிக்காவும் விற்கிறது: எந்தக் கணக்கில் சேரும்?

மன்னை மாணவி: ஆள் அதிகம் உள்ள நாடு ஆள் அதிகம் பிடிக்கும் சரக்கை ஏற்றுமதி செய்யும், மூலதனம் அதிகம் உள்ள நாடு மெஷின் பிடிக்கும் சரக்கை ஏற்றுமதி செய்யும் என்று படிக்கிறோம். நெல்லுக்கு ஆள் நிறைய வேண்டும். அப்புறம் அமெரிக்கா எப்படி அரிசி விற்கிறது?

நீடாமங்கலத்தான்: முதலில் நம்மிடம் ஆள் அதிகம் என்று யார் சொன்னது? போன சம்பாவுக்கு நாற்றங்கால் முற்றிப்போய் நிற்கிறது, நடவுக்கு ஆள் இல்லை. ஊர்ப் பிள்ளைகள் திருப்பூரில் பனியன் தைக்கிறார்கள், பாதிப் பேர் வளைகுடாவில். கடைசியில் மேற்கு வங்கத்திலிருந்து வந்த குழுதான் நட்டுக் கொடுத்தது. அறுப்புக்குக் கேட்கவே வேண்டாம், பெல்ட் மெஷின்தான். இதைப் போய் ஆள் மிகுந்த நாடு என்றால் எப்படி?

வெண்ணாறு: பதில் சுலபம். இந்தியாவில் 140 கோடிப் பேர் இருக்கிறோம், கூலி குறைவு, அதனால் அரிசி விற்கிறோம். 2022இல் உலக அரிசி வணிகத்தில் சுமார் 40 விழுக்காடு நம்முடையது. அமெரிக்கா விற்பது அரசு மானியத்தால் மட்டுமே. மானியத்தை எடுத்தால் ஒரு மூட்டைகூட வெளியே போகாது.

குடந்தை வாத்தியார்: வெண்ணாறு தம்பி, கூலி குறைவு என்பது சரி. ஆனால் 140 கோடி என்ற எண்ணை வைத்து எதையும் சொல்ல முடியாது. மாணவி சொன்ன கோட்பாட்டை உருவாக்கிய பொருளியலாளர்கள் ஹெக்சர் 1919இலும் ஓலின் 1933இலும் பார்த்தது விகிதத்தை. ஒரு ஆளுக்கு எவ்வளவு மூலதனம் என்பதுதான் கேள்வி. மொத்தமாகப் பார்த்தால் நம் நாட்டில் உள்ள மெஷினும் தொழிற்சாலையும் ஒரு சின்ன ஐரோப்பிய நாட்டில் இருப்பதைவிடப் பல மடங்கு. ஆளுக்கு வகுத்தால் நம்மிடம் கொஞ்சம்தான். அதனால்தான் நாம் ஆள் மிகுந்த நாடு. நீடாமங்கலம் அண்ணன் சொல்வதும் இதோடு மோதவில்லை. நடவு நாட்களில் டெல்டாவில் ஆள் பஞ்சம், நாடு முழுக்க எடுத்தால் ஆள் மிகுதி. அந்த மேற்கு வங்கக் குழு வந்ததே அதனால்தானே.

மாணவியின் கேள்விக்கு வருகிறேன். நெல் ஆள் பிடிக்கும் பயிர் என்பது நம் வயலைப் பார்த்துச் சொல்வது. இங்கே ஒரு ஏக்கரில் நாற்றுப் பறித்து நட்டு முடிக்கவே ஒரு குழு பெண்கள் ஒரு நாள் முழுக்கக் குனிய வேண்டும். கலிபோர்னியாவில் லேசர் வைத்து வயலைச் சமன் செய்து, தண்ணீர் கட்டி, ஊறவைத்த விதையை விமானத்திலிருந்து தூவுகிறார்கள். நாற்றங்கால் கிடையாது, நடவு கிடையாது. விதைப்பு முதல் அறுப்பு வரை ஏக்கருக்குச் சில மணி நேர உழைப்புதான். அரிசி அதே அரிசி, அங்கே அது மூலதனம் பிடிக்கும் சரக்கு.

மன்னை மாணவி: அங்கே எல்லாத் தொழிலிலும்தானே மெஷின் அதிகம் சார்? பனியன் தைப்பதற்கும் அங்கே நல்ல மெஷின்தான் இருக்கும். நெல்லை மட்டும் ஏன் தனியாகச் சொல்ல வேண்டும்?

குடந்தை வாத்தியார்: சரியான கேள்வி அம்மா. நம் நெல்லை அமெரிக்க நெல்லோடு ஒப்பிட்டால் ஒன்றும் தெரியாது. ஒரே நாட்டுக்குள் இரண்டு சரக்கை ஒப்பிட வேண்டும். கணக்குக்காக எண்களை நானே வைத்துக்கொள்கிறேன். இங்கே நெல் வயலில் ஒரு ஆளுக்குப் பின்னால் 20,000 ரூபாய்க் கருவி, பனியன் கம்பெனியில் ஒரு ஆளுக்கு 60,000 ரூபாய் மெஷின். அங்கே பனியனில் ஒரு ஆளுக்கு 10 லட்சம், நெல்லில் ஒரு ஆளுக்கு 3 கோடி. இரண்டு சரக்கிலும் அங்கே மூலதனம் கூடத்தான். ஆனால் வரிசை தலைகீழாகிவிட்டது பாருங்கள். இங்கே இரண்டில் ஆள் பிடிப்பது நெல், அங்கே ஆள் பிடிப்பது பனியன்.

ஏன் இப்படி ஆகிறது என்றால், கூலி ஏறினால் நெல்லில் ஆளை எடுத்துவிட்டு மெஷினைப் போடுவது எளிது. வயல் ஓரிடத்தில் கிடக்கிறது, சமன் செய்தால் மெஷின் ஓடும். துணி வளையும், நழுவும், அதை ஊசிக்கு அடியில் நேராகப் பிடித்துக் கொடுக்க இன்னும் கை வேண்டும். ஒரு தொழிலில் மாற்றுவது எளிது, இன்னொன்றில் கடினம் என்றால், கூலி ஏற ஏற ஏதோ ஒரு இடத்தில் இரண்டும் ஒன்றையொன்று தாண்டும்.

அப்படித் தாண்டினால் கோட்பாட்டுக்குச் சிக்கல். இந்தியாவுக்கு அது ‘நெல்லை விற்பாய்’ என்கிறது, அமெரிக்காவுக்கும் ‘நெல்லை விற்பாய்’ என்கிறது. உலகத்தில் இந்த இரண்டு நாடுதான் என்றால் இரண்டும் ஒருவருக்கொருவர் அதே சரக்கை விற்க முடியாது. ஒரு நாட்டுக்காவது கணிப்பு பொய்க்கத்தான் வேண்டும்.

வெண்ணாறு: மானியத்தைப் பற்றி நீங்கள் பேசவே இல்லையே சார்.

குடந்தை வாத்தியார்: மானியம் இருக்கிறது, அது விலையை நெளிக்கிறது. நம் பக்கமும் ஆதார விலை, இலவச மின்சாரம் எல்லாம் உண்டு. ஆனால் விமானத்தில் விதைப்பதை மானியம் கொண்டுவரவில்லை, அங்குள்ள கூலி கொண்டுவந்தது.

கடைமடை: வாத்தியார் ஐயா, இந்தத் தலைகீழ் கதையை ரொம்பப் பெரிதாக்குகிறீர்கள். 1953இல் லியோன்டிஃப் என்ற பொருளியலாளர் அமெரிக்காவின் 1947ஆம் ஆண்டுப் புள்ளிவிவரத்தை வைத்துப் பார்த்தபோது, ஏற்றுமதிச் சரக்கைவிட இறக்குமதிக்குப் போட்டியான சரக்கில்தான் ஆளுக்கு மூலதனம் கூட இருந்தது, ஏறக்குறைய 30 விழுக்காடு. உலகிலேயே மூலதனம் மிகுந்த நாட்டில் இப்படி. அதற்கு விளக்கமாகத்தான் நம் நாட்டுப் பொருளியலாளர் பி.எஸ். மின்ஹாஸ் 1962இல் இந்த வரிசை மாற்றத்தை முன்வைத்தார். ஆனால் லியோன்டிஃபே மின்ஹாஸின் எண்களைத் திரும்பப் பார்த்துவிட்டு, நடைமுறையில் இது அபூர்வம் என்றார். அப்படியிருக்க நெல்லை வைத்துக் கோட்பாட்டையே ஏன் சாய்க்க வேண்டும்?

நிலத்தைச் சேர்த்துப் பாருங்கள். அமெரிக்காவில் ஆளுக்கு நிலம் ஏராளம். அவர்கள் அரிசியோடு விற்பது நிலத்தையும் நீரையும்தான். மூன்றாவதாக நிலத்தைக் கணக்கில் வைத்தாலே மாணவியின் புதிர் தீர்ந்துவிடும். இன்னொன்று, விற்பது ஒரே சரக்கும் இல்லை. இங்கிருந்து புழுங்கல் ஆப்பிரிக்காவுக்குப் போகிறது, பாசுமதி வளைகுடாவுக்கும் அமெரிக்காவுக்குமே போகிறது. அவர்கள் ஜப்பானுக்கு விற்பது வேறு ரகம்.

குடந்தை வாத்தியார்: தொழிற்சாலைச் சரக்கில் அபூர்வம் என்பதை ஏற்கிறேன். விவசாயத்தில் அப்படிச் சொல்ல மாட்டேன், உதாரணம் தேடுகிறவர்கள் எல்லாரும் வந்து நிற்பது விவசாயத்தில்தான். நிலத்தைச் சேர்க்கலாம். ஆனால் நிலம் மட்டும் போதும் என்றால், நிலம் இருந்தும் கூலி மலிவான நாட்டில் விமானம் ஏன் பறக்கவில்லை என்று சொல்ல வேண்டியிருக்கும். நிலமும் மெஷினும் அங்கே சேர்ந்தே ஓடுகின்றன, இரண்டையும் பிரித்து அளப்பதுதான் கஷ்டம்.

நீடாமங்கலத்தான்: எனக்கு ஒன்று சொல்லுங்கள். எங்கள் நெல் கொள்முதல் நிலையத்துக்குப் போய் ரேஷன் கடைக்குப் போகிறது, கப்பலைப் பார்ப்பதே இல்லை. 2023 ஜூலையில் பச்சரிசி ஏற்றுமதியைத் தடுத்தார்களே, அதனால் எனக்கு நட்டமா இல்லையா?

கடைமடை: நிலையத்தில் போட்டதற்கு விலை மாறியிருக்காது அண்ணே. வெளி வியாபாரியிடம் சன்னரகம் போட்டவர்களுக்குத்தான் அடி.

மன்னை மாணவி: வாத்தியார் சார், இன்னும் ஒன்று. இங்கேயும் அறுப்பு மெஷினுக்குப் போய்விட்டது, சில ஊரில் நடவு மெஷினும் வந்துவிட்டது, நேரடி விதைப்பும் கூடுகிறது. திருப்பூரிலோ இன்னும் ஒரு மெஷினுக்கு ஒரு ஆள். அப்படியானால் நீங்கள் வைத்த 20,000 எவ்வளவு நாள் நிற்கும்? டெல்டாவிலேயே நெல் பனியனைத் தாண்டிவிடாதா?

குடந்தை வாத்தியார்: தாண்டலாம் அம்மா. அறுப்பு மெஷின் விவசாயிக்குச் சொந்தமில்லை, மணிக்கணக்கில் வாடகைக்கு ஊர் ஊராக ஓடுகிறது. ஒரே மெஷினின் விலை ஒரு பருவத்தில் நூற்றுக்கணக்கான ஏக்கருக்குப் பிரிகிறது. அதை ஆளுக்கு எவ்வளவு என்று பிரித்துக் கணக்குப் போட்டால்தான் தெரியும். நடவுக்கூலி, நாற்றுப் பறி, களை, அறுப்பு வாடகை நான்கையும் உங்கள் ஊரில் தனித்தனியாகக் கேட்டு எழுதுங்கள். நீடாமங்கலம் அண்ணனும் தன் கணக்கைக் கொடுத்தால் நன்றாக இருக்கும்.

நீடாமங்கலத்தான்: தாளடி அறுப்பு முடியட்டும், நோட்டைப் பார்த்துப் போடுகிறேன். நிலத்துக் குத்தகையையும் சேர்க்கணுமா?

கடைமடை: கட்டாயம் சேருங்கள் அண்ணே. என் வாதமே அதில்தான் இருக்கிறது.