ஆழமும் வேணும், 40 நிமிசத்தில முடியவும் வேணும்: நாலு பேருக்கு என்ன விளையாட்டு?

கல்லடி வாணி:
இரவுச் சாப்பாடு முடிந்ததும் நாலு பேரும் ஒன்றாக இருந்து விளையாட ஒன்று தேடுகிறேன். நான், இவர், மாமி, 14 வயது மகள். ஆழமாக இருக்க வேண்டும், ஆனால் நீளக் கூடாது. மனதுக்கு ஆறுதலாக இருக்க வேண்டும், ஆனால் மூளைக்கும் வேலை வேண்டும். யாரிடம் கேட்டாலும் "அப்படி ஒன்றும் இல்லை, ஏதாவது ஒன்றை விடுங்க" என்கிறார்கள். உண்மையிலேயே இல்லையா?

செங்கலடி கணக்கர்:
இருக்கிறது. தேடுகிற முறைதான் பிழை. ஒரு தாளில் நாலு நிரல் போடுங்கள். ஒவ்வொரு விளையாட்டுக்கும் ஆழத்துக்குப் பத்து, நேரத்துக்குப் பத்து, ஆறுதலுக்குப் பத்து, சவாலுக்குப் பத்து என்று புள்ளி போட்டுக் கூட்டுங்கள். கூட வந்ததை வாங்குங்கள். போன வருடம் மோட்டார் சைக்கிள் எடுக்கும்போது இப்படித்தான் செய்தேன், இன்றுவரை வருத்தமில்லை.

அக்கரைப்பற்று நானா:
தங்கச்சி, கரம் போட் இருக்க வேறென்ன தேடுறீங்க? ஒன்பது கறுப்பு, ஒன்பது வெள்ளை, ஒரு சிவப்பு. அரை மணித்தியாலத்தில் ஒரு போட் முடிந்துவிடும். எங்கட வீட்டில் நோன்பு காலத்தில் தராவீஹ் முடிந்து வந்தால் ஸஹர் வரைக்கும் அதுதான்.

கல்லடி வாணி:
நானா, கரம் எனக்கும் விருப்பம்தான். மாமிக்கு வலது மணிக்கட்டு நோவு, சுண்ட ஏலாது. அதோடு நான் கேட்ட சவால் விரலுக்கில்லை, யோசனைக்கு.

வாவிக்கரை:
வாணி, பெயர் சொல்லுவதற்கு முன் மூன்று கேள்வி. ஒன்று, எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு எல்லாவற்றையும் எடுத்து வைக்க வேண்டும்? இரண்டு, நாலு பேரும் ரசித்து விளையாடிய ஒன்று எது? மூன்று, பாதியில் விட்டது எது, எந்த நிமிசத்தில் விட்டீர்கள்? மூன்றாவதுதான் எனக்கு முக்கியம்.

கல்லடி வாணி:
8.30க்கு இருந்தால் 9.15க்கு மேசை வெறுமையாக வேண்டும், மகள் படிக்க வேண்டும். ரசித்தது 304. மாமி அதில் கெட்டிக்காரி. ஆனால் மகள் மாமியோடு சோடி சேர்ந்து ஒரு நாள் துரும்பைப் பிழையாக விட்டுவிட்டாள். மாமி ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான், பிள்ளை எழும்பிப் போய்விட்டாள். அதற்குப் பிறகு அந்தக் கடதாசியைத் தொடவில்லை. பாதியில் விட்டது, இவருடைய அண்ணன் வெளிநாட்டிலிருந்து கொண்டு வந்த பெரிய பெட்டி. பொம்மைகளை அடுக்கி முடிக்கவே 8.55.

வாவிக்கரை:
இப்ப விசயம் தெளிவு. நீங்கள் சொன்ன நாலு சொல்லும் ஒன்றோடு ஒன்று மோதுவதுபோல் தெரிவது, ஒவ்வொன்றும் எதைப் பற்றியது என்று பிரித்துப் பார்க்காததால்தான்.

"நீளக் கூடாது" என்பது உங்களுக்கு 45 நிமிசம், அடுக்கி எடுத்து வைப்பதையும் சேர்த்து. அது ஒரு இரவின் அளவு. "ஆழம்" ஒரே இரவில் முடிய வேண்டிய அவசியமில்லை, 20ஆவது இரவிலும் புதிதாக ஒன்று பிடிபட்டால் அதுவும் ஆழம்தான். அப்படிப் பார்த்தால் இந்த இரண்டுக்கும் சண்டையே இல்லை. நீங்கள் ரசித்த 304ஐயே பாருங்கள். ஆளுக்கு எட்டுக் கடதாசி, எட்டாவது சுற்றோடு கை தானாக முடிகிறது. யாரும் மணி பார்த்து நிறுத்துவதில்லை. ஆனாலும் மாமி இத்தனை வருடமாக அதில் கற்றுக்கொண்டே இருக்கிறார்.

ஆக, 304இல் ஆழமும் இருக்கிறது, நேரமும் சரி, சவாலும் இருக்கிறது. உடைந்தது ஆறுதல் மட்டும். அது உடைந்ததற்குக் காரணம் கஷ்டமான விளையாட்டு என்பதல்ல, தோற்றால் ஒரு ஆள்மேல் பழி விழுகிறது என்பதுதான். எனவே நீங்கள் தேடுவது, யோசனை கடினமாகவும் தோல்வி இலேசாகவும் இருக்கிற ஒன்று.

செங்கலடி கணக்கர்:
அதைத்தானே நானும் சொன்னேன், ஆறுதல் நிரலில் 304க்குப் புள்ளி குறையும். கூட்டினால் தெரிந்துவிடும்.

வாவிக்கரை:
தெரியாது, அண்ணன். நீங்கள் சொன்னபடியே போட்டுப் பார்ப்போம். ஒரு விளையாட்டுக்கு ஆழம் 9, நேரம் 2, ஆறுதல் 9, சவால் 8 என்றால் மொத்தம் 28. இன்னொன்றுக்கு 7, 7, 6, 7 என்றால் 27. உங்கள் தாளில் முதலாவது வெல்லும். ஆனால் நேரத்துக்கு 2 என்றால் இரண்டு மணித்தியாலம் போகிற விளையாட்டு. அது வாணியின் மேசைக்கு ஒரு இரவும் வராது, அலுமாரிக்கு மேல்தான் இருக்கும். கூட்டும்போது ஒரு குறையை வேறொரு நிறை மூடிவிடுகிறது. 9.15 என்பது புள்ளி போடுகிற விசயமில்லை, வேலி. வேலிக்கு வெளியே நிற்பதை முதலில் விலக்க வேண்டும்.

வாணிக்கு மூன்று வேலி. நாலு பேர் ஒன்றாக விளையாடக் கூடியது, அடுக்குவது ஐந்து நிமிசத்துக்குள் முடிந்து 9.15க்கு மேசை வெறுமையாக வேண்டும், தனி ஆள்மேல் பழி விழக் கூடாது. உள்ளே வந்ததுக்கு மட்டும் உங்கள் புள்ளிக் கணக்கு. அங்கே அது நல்லாகவே வேலை செய்யும்.

செங்கலடி கணக்கர்:
சரி, வேலி முதலில், கூட்டல் பிறகு. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வேலி கூடினால் உள்ளே ஒன்றும் மிஞ்சாது. அப்ப என்ன செய்வீங்க?

வாவிக்கரை:
அப்ப எந்த வேலியைத் தூக்கினால் கூடுதலாக உள்ளே வருகிறது என்று ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்ப்பேன். இங்கே அந்த நிலை வரவில்லை.

களுவாஞ்சிக்குடி சேர்:
செஸ்ஸை யாரும் சொல்லவில்லையே. ஆளுக்கு 10 நிமிசம் கடிகாரம் வைத்தால் 20 நிமிசத்துக்குள் முடிந்தே ஆகும். அதைவிட ஆழம் எதில் இருக்கிறது?

வாவிக்கரை:
சேர், ஆழத்தில் மறுப்பில்லை. ஆனால் இங்கேதான் உண்மையான மோதல் இருக்கிறது. செஸ் தானாக 20 நிமிசத்தில் முடிவதில்லை, கடிகாரம்தான் முடிக்கிறது. கடிகாரம் வந்தவுடன் ஆறுதல் போய்விடும். கடிகாரத்தை எடுத்தால் ஆறுதல் வரும், நேரம் போய்விடும். அதோடு இரண்டு பேர் விளையாட, இரண்டு பேர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இதே காரணத்தால்தான் ஹைவ்வையும் விலக்கினேன். அறுகோணக் காய்கள், பலகையே தேவையில்லை, குறுகியது, ஆழமானது, ஆனால் இரண்டு பேருக்கு மட்டும்.

என்னுடைய பட்டியலில் மூன்று பெயர். மூன்றும் ஒரே மாதிரி இருந்தால் பட்டியலால் பயனில்லை, ஒவ்வொன்றும் எதை விட்டுக்கொடுக்கிறது என்று சொல்கிறேன்.

அஸுல், 2017இல் வந்தது. நிற ஓடுகளை எடுத்துத் தன் சுவரை நிரப்புவது. கையில் எடுக்கவே நல்லாக இருக்கும், யாரும் நடுவில் வெளியேற மாட்டார்கள். நாலு பேர் இருந்தால் ஒருவர் வேண்டுமென்றே பெரிய குவியலை உங்கள் பக்கம் தள்ளிவிடலாம், மிஞ்சின ஓடுகளுக்குப் புள்ளி கழியும். மகள் அதைத் தாங்குவாளா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

ஹனாபி. எல்லோரும் ஒரே பக்கம். உங்கள் கடதாசி மற்றவர்களுக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாது. முடிவில் வெற்றி தோல்வியைவிட 25க்கு எத்தனை என்பதுதான் பேச்சாக இருக்கும். விட்டுக்கொடுப்பது, ஞாபகம். களைத்த இரவில் அது பாரமாக இருக்கும்.

தி க்ரூ, 2019. நான் முதலில் வைப்பது இதைத்தான், ஏனென்றால் 304 தெரிந்தவருக்குப் பாதி ஏற்கனவே தெரியும். கேட்ட இனத்தைப் போட வேண்டும், இல்லாவிட்டால் துரும்பால் வெட்டலாம். ஆனால் நாலு பேரும் ஒரே பக்கம். மேசையில் சில இலக்குக் கடதாசிகள் கிடக்கும், ஆளுக்கு ஆள் எடுப்பார்கள். ஆடுத்தன் 7ஐ மகள் எடுத்தால், அந்த 7 விழுகிற சுற்றை மகள்தான் பிடிக்க வேண்டும். வேறு ஆள் பிடித்தால் எல்லோரும் தோற்பு, திரும்ப அடிப்பது. ஒரு பணி ஐந்து நிமிசம்தான், பெட்டியில் 50 பணி இருக்கிறது. இதைத்தான் ஒரு இரவுக்குச் சின்னது, பல இரவுக்கு ஆழம் என்றேன்.

வாங்க முன்னம் வீட்டிலேயே பார்க்கலாம். இரண்டு கட்டுக் கடதாசி எடுங்கள். முதல் கட்டில் 10, ஜேக், குயீன் பன்னிரண்டையும் ஒதுக்குங்கள், 40 மிஞ்சும். ஏஸ்தான் 1. நாலு ராசாவிலும் பென்சிலால் 1 முதல் 4 வரை எழுதுங்கள், அவை தனி இனம், எப்பவும் அவைதான் துரும்பு. ஆளுக்குப் பத்து. 4 எழுதின ராசா வைத்திருப்பவர் முதலில் இலக்கு எடுப்பார், முதல் சுற்றையும் தொடங்குவார். இரண்டாவது கட்டின் ஏஸிலிருந்து 9 வரையான 36ஐக் கலைத்து, அதிலிருந்து இலக்கு எடுங்கள். முதல் இரவு ஒரே ஒரு இலக்கு, பிறகு ஒவ்வொன்றாகக் கூட்டலாம்.

கையில் இருப்பதைப் பற்றிப் பேசக் கூடாது. ஒரு பணிக்கு ஒரு தடவை, ஒரு சுற்று முடிந்து அடுத்தது தொடங்க முன்னம், துரும்பில்லாத ஒரு கடதாசியைத் திறந்து வைத்து அதன்மேல் ஒரு காசு வைக்கலாம். காசு மேல்பக்கம் இருந்தால் அந்த இனத்தில் உங்களிடம் அதுதான் பெரிசு, கீழே இருந்தால் அதுதான் சின்னது, நடுவில் இருந்தால் அது ஒன்றுதான்.

களுவாஞ்சிக்குடி சேர்:
ஒரே பக்கம் என்றால் பழி இல்லை என்பதை நான் ஏற்கமாட்டேன். தோற்றவுடன் "நீ ஏன் அதைப் போட்டாய்" என்று இன்னும் சத்தமாகக் கேட்பார்கள்.

வாவிக்கரை:
அது நடக்கும் சேர், மறைக்கவில்லை. ஆனால் ஐந்து நிமிசத்தில் அடுத்த பணி வந்துவிடுகிறது. நான் பார்த்த மட்டில் கோபம் ஊற நேரம் கிடைப்பதில்லை.

கல்லடி வாணி:
நாலு இரவு விளையாடினோம். முதல் இரவு ஒரு இலக்கு, உடனே சரி வந்தது. மூன்றாவது இரவு மூன்று இலக்கு, நாலு தடவை தோற்று ஐந்தாவதில் பிடித்தோம். மகள் ஸ்கோப்பன் 3ஐத் திறந்து கீழ்ப்பக்கம் காசை வைத்தாள். மாமி கொஞ்ச நேரம் அதையே பார்த்துவிட்டு, தன்னிடமிருந்த 9ஐ முதலில் இறக்கிக் கழித்தார். அப்படிச் செய்தால்தான் மகளுக்கு வழி கிடைக்கும் என்று எனக்குப் பிறகுதான் விளங்கியது. பிள்ளை "அம்மம்மா!" என்று கத்தினாள். (இவருடைய அம்மாதான், ஆனால் அப்படித்தான் கூப்பிடுவாள்.)

ஒரு பிரச்சினை. மாமியால் பேசாமல் இருக்க ஏலாது. "என்னட்ட ஆடுத்தனே இல்ல மனே" என்று சொல்லிவிடுகிறார். பேசாமல் இருந்தால் அவருக்கு ஆறுதல் இல்லை, பேசினால் எங்களுக்குச் சவால் இல்லை.

செங்கலடி கணக்கர்:
பேச விட்டு, இலக்கை ஒன்று கூட்டுங்கள். தரம் சமன் ஆகிவிடும்.

வாவிக்கரை:
நான் விடமாட்டேன். அந்தக் காசை எங்கே வைப்பது என்று யோசிப்பதில்தான் விளையாட்டே இருக்கிறது. பேசத் தொடங்கினால் இலக்கு எத்தனை வைத்தாலும் வெறும் கணக்கு. மாமிக்குப் பேச்சுத்தான் முக்கியம் என்றால் அது நாலாவது வேலி, அப்ப அஸுல்தான் முதலாவதாக வரும். அதில் எவ்வளவும் கதைக்கலாம்.

அக்கரைப்பற்று நானா:
ஒரு பணி பேசி, ஒரு பணி பேசாமல் விளையாடிப் பாருங்க தங்கச்சி. எங்கட வீட்டுக்கும் இரண்டு கட்டு எடுத்து வைத்திருக்கிறேன், ராசாவில் நம்பரும் எழுதியாச்சு. ஆறு பேர் இருந்தால் எப்படிப் பிரிப்பது?

வாவிக்கரை:
பெட்டி ஐந்து பேர் வரைக்கும்தான், நானா. ஆறு பேருக்கு உங்கட கரம் போட்டையும் பக்கத்தில் விரியுங்கள், இரண்டு பேர் அங்கே போகட்டும்.

கல்லடி வாணி:
இன்று இரவு நானா சொன்னபடி மாறி மாறிப் பார்க்கிறோம். அஸுல் எடுத்துத் தர கொழும்பில் தம்பியிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.