ஆச்சி அனுப்பிய கொய்யா: எங்க அம்மா போனில் தமிழ் அடிக்கப் பழகிய கதை

முக்கூடல்காரி

எங்க அம்மாவுக்கு எழுபது தாண்டியாச்சு. அந்தக் காலத்து ஐந்தாம் வகுப்பு. முக்கூடலில் பாதி வீட்டுப் பெண்களைப் போல வாழ்நாள் முழுக்க பீடி சுத்தினவள். தம்பி குடும்பத்தோடு சிங்கப்பூரில் இருக்கிறான். அங்கே பள்ளிக்கூடத்திலேயே தமிழ் பாடம் இருப்பதால் பேரன் தமிழ் நன்றாக வாசிப்பான். ஆனால் வீடியோ காலில் வந்தால் "நல்லா இருக்கேன் ஆச்சி" என்று சொல்லிவிட்டு ஓடிவிடுவான். அவர்கள் நேரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முந்தியது. அம்மா வேலையெல்லாம் முடித்து ராத்திரி எட்டரைக்கு உட்கார்ந்தால் அங்கே பதினொன்று, பிள்ளை தூங்கியிருப்பான். எழுதி வைத்தால் காலையில் வாசிப்பான் என்பது அம்மாவே கண்டுபிடித்த வழி.

ஜிபோர்டில் தமிழைச் சேர்த்து, எழுத்துகள் தமிழிலேயே தெரிகிற கீபோர்டை வைத்துக் கொடுத்தேன். அம்மா சொந்தமாக அடித்து அனுப்பிய முதல் செய்தி, வாசல் மரத்தில் கொய்யா காய்த்திருக்கிற சேதி. மறுநாள் பேரனிடமிருந்து பதில் வந்தது: "ஆச்சி, எகரய்யர் யாரு?"

அனுப்பியதை எடுத்துப் பார்த்தேன். கொய்யா இருக்க வேண்டிய இடத்தில் "எகரய்யர" என்று இருந்தது. முதலில் எனக்கும் ஒன்றும் புரியவில்லை. மறுபடி அடிக்கச் சொல்லி பக்கத்தில் இருந்து பார்த்தபோதுதான் விளங்கியது. அம்மா நோட்டில் "கொ" எழுதினால் முதலில் கொம்பு, பிறகு க, கடைசியில் கால். போனிலும் அதே வரிசையில் தேடியிருக்கிறாள். "கொம்பைக் காணுமே ஏட்டி" என்றாள். கொம்பு தனியாக இல்லாததால் அதுபோலச் சத்தம் வரும் எ-வைத் தொட்டாள். அடுத்து க. காலும் தனியாக இல்லை, அதனால் பார்க்க அதே மாதிரி இருக்கும் ர. அப்புறம் ய், ய, மறுபடி காலுக்கு ஒரு ர. அவள் கண்ணுக்கு அது கொய்யாதான். எழுத்துக்கூட்டி வாசிக்கிற பிள்ளைக்கு அது எகரய்யர்.

எழுதுகிற வரிசையை விட்டுவிட்டு, சொல்கிற வரிசைக்கு அவளைக் கொண்டுவருவதுதான் பெரிய வேலையாக இருந்தது. இந்தக் கீபோர்டில் க-வைத் தொட்டதும் உயிரெழுத்துகள் இருந்த இடமெல்லாம் கா, கி, கீ, கு என்று மாறிவிடும். அதைக் காட்டியதும் அம்மாவுக்குச் சட்டென்று பிடிபட்டது. க-வைத் தொடுவாள், திண்ணைப் பள்ளிக்கூடத்தில் சொன்ன மாதிரி "க கா கி கீ கு கூ கெ கே கை கொ" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே விரலை நகர்த்துவாள், கொ வந்ததும் தொடுவாள். இப்போது கொய்யாவுக்கு க, கொ, ய, புள்ளி, ய, யா. வேகம் கிடையாது, ஆனால் தப்பு வருவதில்லை.

வேறு யார் வீட்டிலாவது இந்தக் கொம்புப் பிரச்சினை வந்திருக்கிறதா? எப்படிச் சமாளித்தீர்கள்?

வள்ளியூர் அண்ணாச்சி

எங்க அப்பாவுக்கும் போன்தான் பிரச்சினை. தினமும் காலையில் பூப்படம் போட்டு வணக்கம் சொல்லி வருகிற படங்களாலேயே போன் நிரம்பிவிடுகிறது. அழிக்கவும் விடமாட்டார். மஸ்கட்டில் இருக்கிற பேத்தி ஏதோ ஒன்று அனுப்பியிருந்தாளாம், அதுவும் சேர்ந்து போய்விடும் என்கிறார். யாராவது வழி சொல்லுங்கள்.

முக்கூடல்காரி

அண்ணாச்சி, நான் கேட்டது எழுத்து அடிப்பதைப் பற்றி. ஆனாலும் சொல்கிறேன். வாட்ஸ்அப்பில் படங்கள் தானாக இறங்குவதை நிறுத்தி வையுங்கள். பேத்தியின் செய்தியை நட்சத்திரம் போட்டு வைத்தால் அப்பாவுக்கு அதைத் தேடி எடுப்பது எளிது.

தென்காசி

எதற்கு இவ்வளவு கஷ்டம்? மைக்கை அமுக்கிவிட்டுப் பேசினால் அதுவே தமிழில் எழுதிவிடும். எங்க அம்மா அப்படித்தான் செய்கிறாள், ஒரு எழுத்துகூட அடித்தது கிடையாது.

முக்கூடல்காரி

அதையும் பார்த்தோம். செய்தி வாசிக்கிற மாதிரி நிறுத்திப் பேசினால் நன்றாகத்தான் எழுதுகிறது. எங்க அம்மா அப்படிப் பேசமாட்டாளே. "எய்யா, சாப்ட்டியளா, பைய வாங்க" என்பாள். "சாப்ட்டியளா" ஒருநாள் சாப்பிட்டீர்களா என்று வரும், ஒருநாள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு சொல்லாக வரும். "எய்யா" எங்கேயோ காணாமல் போய்விடும். பேரன் அதைப் பார்த்துவிட்டு "இது ஆச்சி எழுதலை, அத்தை எழுதியிருக்காங்க" என்று சொல்லிவிட்டான். அன்றைக்கே அம்மா மைக்கை விட்டுவிட்டாள்.

தென்காசி

சரிதான். எங்க அம்மா சென்னையில் ரொம்ப நாள் இருந்தவள், அவள் பேச்சு வேற மாதிரி. அதனால் எனக்குத் தெரியவில்லை போல.

பாளையங்கோட்டை தட்டச்சு

நான் பல வருஷம் தட்டச்சுப் பயிலகம் நடத்தியவன். உங்கள் அம்மா கொம்பைத் தேடியதில் ஒரு தவறும் இல்லை. பழைய தமிழ் டைப்ரைட்டரில் கொம்புக்குத் தனி விசை உண்டு, அதைத்தான் முதலில் அடிப்போம். கொம்பு, க, கால் என்று கையால் எழுதுகிற அதே வரிசை. இயந்திரம் காகிதத்தில் இடமிருந்து வலமாக அச்சைப் பதிக்கிறது, அதற்கு அதுதான் சௌகரியம். கம்ப்யூட்டர் வந்த பிறகுதான் மாறியது. யூனிகோடில் "கொ" என்பது முதலில் க, அதன் பின்னால் ஒ-வின் குறி, இந்த வரிசையில்தான் உள்ளே இருக்கும். கொம்பைக் க-வுக்கு முன்னால் கொண்டுபோய்க் காட்டுவது எழுத்துருவின் வேலை. என்னிடம் ஹையர் முடித்த பெண்கள்கூட போனில் முதல் நாள் உங்கள் அம்மாவைப் போலத்தான் கொம்பைத் தேடினார்கள்.

இன்னொன்று சொல்கிறேன். 1999-இல் தமிழ்நாடு அரசு அறிவித்த தமிழ்99 விசைப்பலகை போனிலும் கிடைக்கிறது, செல்லினம் செயலியில் இருக்கிறது. அதில் ஒரே மெய்யை அடுத்தடுத்து இரண்டு தரம் அடித்தால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழும். கொய்யாவுக்கு க, ஒ, ய, ய, ஆ, அவ்வளவுதான். புள்ளியைத் தேட வேண்டாம். ந-வுக்குப் பிறகு த, ங-வுக்குப் பிறகு க வந்தாலும் அப்படியே.

முக்கூடல்காரி

ஐயா, நீங்கள் சொன்னபடி தமிழ்99 போட்டுக் கொடுத்தேன். கொய்யா அழகாக வந்தது. அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். அடுத்ததாகப் பப்பாளி அடிக்கப் போனாள், முதல் எழுத்துக்கே புள்ளி விழுந்துவிட்டது.

பாளையங்கோட்டை தட்டச்சு

ஆமாம், அங்கே ஒரு அ போட வேண்டும். ப, அ, ப, ப, ஆ, ள, இ. முதல் ப-வோடு அ சேர்த்தால் அது அங்கே முடிந்துவிடும், அடுத்த இரண்டு ப-வில்தான் புள்ளி விழும். பழகிவிட்டால் கை தானாகப் போகும்.

முக்கூடல்காரி

பழகிவிட்டால் வேகமாக வரும் என்று எனக்கும் தெரிகிறது. ஆனால் ப-வுக்குள் ஏற்கெனவே அ இருக்கிறது, இன்னொரு அ எதற்கு என்று அம்மா கேட்கிறாள். பழையதற்கே போய்விட்டோம். க கா கி கீ சொல்கிற சுகம் அதில்தான் இருக்கிறதாம்.

கடையம் பேத்தி

எங்க ஆச்சிக்கு நான் வேறு வழி செய்தேன். ஜிபோர்டில் தமிழுக்கே கையெழுத்து வடிவம் ஒன்று இருக்கிறது, திரையில் விரலால் எழுதினால் எழுத்தாக மாறும். எழுதி முடித்த வடிவத்தைப் பார்த்துத்தான் அது எழுத்தை எடுத்துக்கொள்கிறது போல, ஆச்சி கொம்பை முதலில் போட்டாலும் ஒன்றும் ஆகவில்லை. வேறொன்றுதான் இடித்தது. ஆச்சி படித்தது 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்னால். லை, ளை, னை, ணை எல்லாம் மேலே துதிக்கை வைத்துத்தான் எழுதுவாள். றா, னா, ணா-வைச் சுழித்து ஒரே எழுத்தாகப் போடுவாள். "வாழை இலை" என்று எழுதினால் வாழை வருகிறது, இலை வேறு எதுவாகவோ வருகிறது. இந்தக் காலத்து லை-யைத் தாளில் எழுதிக் காட்டினேன். "இது என்னட்டி, கொம்பு ரெண்டு தனியா நிக்கி" என்றாள். அந்த நாலைந்து எழுத்துக்கு மட்டும் கீபோர்டுக்கு மாறிக்கொள்கிறாள். மாறி மாறிப் போவதில் அவளுக்குச் சலிப்புதான்.

எனக்கு இன்னொரு கவலையும் உண்டு. நியூ ஜெர்சியில் இருக்கிற என் சித்தி பிள்ளைகளுக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. ஆச்சி இவ்வளவு கஷ்டப்பட்டு எழுதுவதைச் சித்தி வாசித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆச்சியிடம் இதை நான் இன்னும் சொல்லவில்லை. சொல்லலாமா?

தென்காசி

சொல்லிவிடுங்கள். எழுத்தையும் அனுப்பட்டும், கூடவே அதையே வாசித்துக் குரலிலும் அனுப்பட்டும். பிள்ளைகள் கேட்டுக்கொண்டே எழுத்தைப் பார்ப்பார்கள்.

பாளையங்கோட்டை தட்டச்சு

நான் சொல்ல வேண்டாம் என்பேன். சித்தி வாசிக்கிறபோது பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள் இல்லையா, அது நடக்கட்டும்.

முக்கூடல்காரி

கடையம் தங்கச்சி, என்னால் முடிவு சொல்ல முடியவில்லை. எங்க அம்மாவாக இருந்தால் தெரிந்துகொள்ளத்தான் விரும்புவாள்.

கொம்பைத் தவிர எங்களுக்கு வந்த ஒரு தொல்லையை மட்டும் எழுதிவிடுகிறேன், பீடி சுத்துகிற வீடுகளில் இது நிறைய இருக்கும். அம்மா தொட்டால் சில சமயம் எழுத்தே விழாது, சில சமயம் தேவையில்லாத எழுத்துகள் மேலே கிளம்பி நிற்கும். எழுத்து விழாததற்குக் காரணம் விரல். இலையை உருட்டி நுனியை மடக்கி மடக்கி, கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் தோல் காய்ந்து தடித்துவிட்டன. அப்படிக் காய்ந்த தோல் தொடுவதைத் திரை சரியாக உணர்வதில்லை. ஈரத் துணியில் விரலைத் துடைத்துவிட்டு, நடு விரலால் தொடச் சொன்னேன், சரியாகிவிட்டது. எழுத்துகள் கிளம்புவது அழுத்திப் பிடிப்பதால். ஜிபோர்டு அமைப்புகளில் Preferences உள்ளே போனால் Key long press delay என்று ஒன்று இருக்கிறது, அதைக் கூட்டி வைத்தேன். கீபோர்டின் உயரத்தையும் கூட்டினேன். Auto-correction-ஐ நிறுத்தினேன், இல்லாவிட்டால் "எய்யா" என்று அடித்துவிட்டு இடம் விட்டதும் வேறு சொல்லாக மாற்றிவிடுகிறது.

அழிப்பதையும் சொல்லிக் கொடுங்கள். "கொ"-வை அழிக்க ஒரு தரம் தொட்டால் ஒ-வின் குறி மட்டும் போய் க நிற்கும். அம்மா அதைப் பார்த்து, போன் தான் சொல்வதைக் கேட்கவில்லை என்று நினைத்து முழுச் செய்தியையும் அழித்துவிடுவாள். மிச்சம் நிற்கிற க-விலிருந்தே வேண்டியதைத் தொடலாம் என்று தெரிந்த பிறகு அந்தக் கோபம் போய்விட்டது.

நேற்று பேரன், கொய்யா பழுத்ததும் படம் அனுப்பச் சொல்லி எழுதியிருந்தான். அம்மா இப்போது அதற்குப் பதில் அடித்துக்கொண்டிருக்கிறாள். அணில் தின்றுவிட்டது என்பதுதான் சேதி. "தின்னுட்டு" என்று எழுதவா, "தின்றுவிட்டது" என்று எழுதவா, பேரனுக்குப் பள்ளிக்கூடத்தில் எது சரி என்று கேட்கிறாள். சிங்கப்பூரில் பிள்ளைகளைப் படிக்க வைக்கிறவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.