கடிகார முள் உரசுகிறதா, இடிக்கிறதா, முட்டுகிறதா?

கையேடு எழுதுபவர்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் குடியிருப்பில் உள்ள முதியோருக்காக, வீட்டுப் பொருள்களின் சிறு பழுதுகளைத் தாங்களே கண்டறிவதற்கான கையேடு ஒன்றை எழுதி வருகிறேன். சுவர்க் கடிகாரம் பற்றிய பகுதியில் ஒரு சொல்லுக்காக நின்றுவிட்டேன். ஒரு முள் மற்றொரு முள்ளைத் தொட்டு ஓட்டத்தைத் தடுக்கும் பழுதுக்குத் தமிழில் ஒரே சொல்லாக என்ன வழங்கலாம்? ‘முள்ளுரசல்’ என்று எழுதி வைத்திருக்கிறேன், ஆனால் மனம் ஒப்பவில்லை.

இந்த ஐயம் என் வீட்டுக் கடிகாரத்திலிருந்தே பிறந்தது. போகியன்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிய பிறகு அது அவ்வப்போது நிற்கத் தொடங்கியது. பென்சில் பேட்டரியை இருமுறை மாற்றினேன், புதியதை மல்டிமீட்டரில் அளந்தபோது 1.58 வோல்ட் இருந்தது. நின்ற நேரங்களைக் குறித்து வைத்தேன்: முதல் நாள் 4:21, மறுநாள் 8:43, அதன் பின் 5:26. தட்டிவிட்டால் மீண்டும் ஓடுகிறது. இதற்குப் பேட்டரி காரணமில்லை என்றே நினைக்கிறேன்.

மின்னணுவியல் படித்த உறுப்பினர்

நண்பரே, பேட்டரியை அவ்வளவு எளிதில் விட்டுவிடாதீர்கள். குவார்ட்ஸ் கடிகாரத்தில் படிகம் விநாடிக்கு 32,768 முறை அதிர்கிறது, அதைப் பதினைந்து முறை இரண்டால் வகுத்துத்தான் ஒரு விநாடித் துடிப்பு பெறப்படுகிறது. மின்னழுத்தம் குறைந்தால் படிகத்தின் அதிர்வு மெதுவாகும், கடிகாரமும் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்தங்கி இறுதியில் நிற்கும். ஆகவே கையேட்டுக்கு முதலில் வேண்டிய சொல் ‘அதிர்வுத் தளர்ச்சி’ என்பேன். முள் தொடுவது மிக அரிது.

கடிகாரம் பழுதுபார்ப்பவர், மதுரை

ஐயா சொன்ன கணக்கு சரி, முடிவு சரியில்லை. பேட்டரி இறங்கும்போது படிகத்தின் வேகம் நம் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு மாறுவதில்லை. நல்ல நிலையில் உள்ள சாதாரண மெஷின் மாதத்திற்குப் பதினைந்து முதல் முப்பது விநாடி வரை முன்பின்னாக ஓடும், பிழை அதோடு சரி. பேட்டரி வலு குறைந்தால் முதலில் தோற்பது உள்ளே இருக்கும் சிறு மோட்டார்தான். துடிப்பு சரியான நேரத்தில் வருகிறது, ஆனால் சக்கரத்தைத் தள்ளும் பலம் அதற்கு இருப்பதில்லை. அப்போது விநாடி முள் பெரும்பாலும் ஒன்பதாம் எண் பக்கம் நின்ற இடத்திலேயே துடித்துக்கொண்டிருக்கும், ஏனென்றால் அந்தப் பக்கத்தில்தான் அது தன் எடையைத் தானே மேலே தூக்க வேண்டியிருக்கிறது. விநாடி முள் அங்கே துடிப்பதைக் கண்டால் நான் வேறெதையும் யோசிக்காமல் பேட்டரியை மாற்றுவேன்.

கையேடு எழுதும் ஐயாவின் கடிகாரம் அந்த வகையல்ல. அவர் குறித்த மூன்று நேரங்களையும் பாருங்கள். பெரிய முள்ளும் சின்ன முள்ளும் பன்னிரண்டு மணி நேரத்தில் பதினொரு முறை ஒன்றன் மேல் ஒன்று வரும், அதாவது ஏறத்தாழ 65 நிமிடம் 27 விநாடிக்கு ஒரு முறை. 12 மணிக்குப் பிறகு 1:05, 2:11, 3:16, 4:22, 5:27, 6:33, 7:38, 8:44, 9:49, 10:55 என்று அது போகும். அவருடைய கடிகாரம் நின்ற மூன்று நேரங்களும் இந்தப் பட்டியலுக்கு ஒரு நிமிடம் முன்னால் விழுகின்றன. முள்ளுக்கு அகலம் உண்டல்லவா, நடுக்கோடுகள் ஒன்றுசேருமுன் ஓரங்கள் தொட்டுவிடும். எங்கள் கடையில் இதை ‘முள் இடிக்குது’ என்போம். எல்லாச் சந்திப்பிலும் நிற்காததற்குக் காரணம், மணி முள் தன் குழலில் சற்று ஆடும், சில இடங்களில் தாழ்ந்தும் சில இடங்களில் உயர்ந்தும் இருக்கும். துடைக்கும்போது நிமிட முள்ளை யாரோ அழுத்தியிருக்கிறார்கள்.

தமிழாசிரியர்

பழுதுபார்ப்பவர் தந்த பட்டியலைக் கண்டபின் பேச்சு தெளிவாகிவிட்டது. இனிச் சொல்லுக்கு வருவோம். ‘உரசல்’ என்பது தொட்டுக்கொண்டே நகர்வதைக் குறிக்கும். உரசினாலும் இரண்டும் ஓடிக்கொண்டிருக்கலாம், நிற்க வேண்டும் என்ற பொருள் அதில் இல்லை. நாளிதழ்கள் வேறு அந்தச் சொல்லைக் கட்சிகளுக்கு இடையிலான மனத்தாங்கலுக்கே எழுதித் தேய்த்துவிட்டன. ‘இடித்தல்’ வேகத்தோடு மோதுவது, நிமிட முள்ளிடம் அந்த வேகம் இல்லை. ‘முள்’ளோடு ‘தடை’யைச் சேர்க்கலாமே என்று யாரேனும் சொல்லும் முன் கூறிவிடுகிறேன்: புணர்ச்சி விதிப்படி அது ‘முட்டடை’ ஆகும், படிப்பவர் கோழிமுட்டையைத்தான் நினைப்பார். ‘முட்சிக்கல்’ என்பது சரியான புணர்ச்சிதான், ஆனால் பொருள் மிகப் பொதுவானது.

உறுப்பினர், திருச்சி

ஐயா, பழைய மணியடிக்கும் கடிகாரத்துக்கும் இந்தச் சொல் பொருந்துமா? என் தாத்தா காலத்து ஊசல் கடிகாரம் வாரத்துக்கு நான்கு நிமிடம் பின்தங்குகிறது. முள் எதுவும் தொடவில்லை. இதை முள்ளுரசல் என்று எழுதினால் நான் முள்ளைப் போய் வளைத்திருப்பேனே!

கடிகாரம் பழுதுபார்ப்பவர்

தங்களுடையது வேறு பழுது, ஐயா. அங்கே கடிகாரத்தின் வேகமே குறைந்திருக்கிறது. ஊசல் குண்டின் அடியில் உள்ள நட்டை மேலேற்றினால் ஊசல் குறுகி வேகம் கூடும். கால் மீட்டர் நீளமுள்ள ஊசலில் ஒரு மில்லிமீட்டர் மாற்றமே நாளுக்கு மூன்று நிமிடம் வரை வித்தியாசம் காட்டும் என்பதால், கால் சுற்று மட்டும் திருப்பி ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள்.

உறுப்பினர், யாழ்ப்பாணம்

வணக்கம். எங்கள் பக்கம் கடிகாரத்தை மணிக்கூடு என்போம், அது நேரம் குறைவாகக் காட்டினால் ‘மணிக்கூடு பிந்துது’ என்போம். ஒரு பொருள் மற்றொன்றில் பட்டால் ‘முட்டுது’ என்பதே எங்கள் வழக்கம், அதில் வன்மை ஏதுமில்லை, வெறும் தொடுகையும் முட்டுதல்தான். ஆகவே ‘முள்முட்டல்’ என்று கூறலாமே.

தமிழாசிரியர்

தமிழ்நாட்டில் முட்டுதல் என்றால் ஆடு முட்டுவதுதான் நினைவுக்கு வரும். ஆனாலும் ‘முட்டி நின்றது’ என்று நாங்களும் சொல்கிறோம், மேற்கொண்டு போக முடியாமல் நிற்கும் பொருள் அதில் இருக்கிறது. உரசலில் இல்லாததும் இடிப்பில் மிகுந்திருப்பதும் இங்கே அளவாக அமைந்திருப்பதால் ‘முள்முட்டல்’ எனக்கு உடன்பாடே. ‘பிந்தல்’ என்பதையும் வரவேற்கிறேன்.

மின்னணுவியல் படித்த உறுப்பினர்

படிகம் பற்றி நான் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் ஒரு கேள்வி மீதம் இருக்கிறது. கடிகாரம் நிற்காமல் பிந்த மட்டும் செய்தால் அதை முட்டல் என்பீர்களா? லேசான தொடுகையில் அது சில துடிப்புகளை இழந்துவிட்டுக் கடந்து போய்விடுமே. இந்த மோட்டாரில் ஒவ்வொரு துடிப்பும் முந்தைய துடிப்புக்கு எதிர்த்திசையில் வருகிறது. காந்தச் சக்கரம் ஒரு துடிப்பில் திரும்பாமல் போனால், அடுத்த துடிப்பு அது ஏற்கெனவே நிற்கும் நிலைக்கே இழுக்கும், எனவே அதுவும் வீண். ஒரு தோல்விக்கு இரண்டு விநாடி போகிறது. ஒவ்வொரு சந்திப்பிலும் இருபது விநாடி இழந்தால் நாளுக்கு இருபத்திரண்டு சந்திப்பில் ஏழு நிமிடத்துக்கு மேல் பிந்தும், ஆனால் ஒருமுறையும் நிற்காது. இதற்கு ‘படிதவறல்’ என்ற தனிச்சொல் வேண்டும்.

கடிகாரம் பழுதுபார்ப்பவர்

இப்போது ஐயா சொல்வது முழுக்கச் சரி, அந்த இரண்டு விநாடிக் கணக்கு எனக்கே புதிது. படிதவறல் என்ற சொல்லை நான் ஏற்கிறேன், ஏனென்றால் பேட்டரி இறங்கினாலும் பல்சக்கரத்தில் தூசி சேர்ந்தாலும் முள் முட்டினாலும் முடிவில் நடப்பது அதுதான். ஆனால் சத்தமில்லாமல் வழுக்கியோடும் விநாடி முள் கொண்ட மெஷினில் அந்தப் படியைக் கண்ணால் பார்க்க முடியாது.

சரிசெய்வதற்கு, கடிகாரத்தின் பின்னால் உள்ள திருகைக் கொண்டு முள்ளை மெல்லத் திருப்பிப் பன்னிரண்டு மணி நேரத்தையும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். கண்ணாடியைக் கழற்றிவிட்டு முள்களைப் பக்கவாட்டில், கண்ணுக்கு நேராக வைத்துப் பார்க்க வேண்டும், முன்னாலிருந்து பார்த்தால் இடைவெளி தெரியாது. ஒரு முள்ளுக்கும் அடுத்த முள்ளுக்கும் நடுவே ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர் இருந்தால் போதும். குறைவாக இருந்தால், நிமிட முள்ளை நடுத்தண்டுக்கு அருகில் ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் அதன் நுனியை உங்கள் பக்கமாக லேசாக வளையுங்கள். பிடிக்காமல் வளைத்தால் தண்டே சாய்ந்துவிடும். வளைத்தபின் அது மேலே உள்ள விநாடி முள்ளைத் தொடுகிறதா என்றும் பாருங்கள், ஏனென்றால் விநாடி முள் ஏறத்தாழ 61 விநாடிக்கு ஒருமுறை அதைக் கடக்கிறது, அதற்கு இருக்கும் வலுவும் மிகச் சிறிது.

இன்னொன்று. முட்டும்போது சில நேரம் எதுவும் நிற்பதில்லை, பெரிய முள் சின்ன முள்ளைத் தள்ளிக்கொண்டு போய்விடும். மணி முள் அழுத்தத்தில் மட்டுமே பொருந்தியிருப்பதால் அது வழுக்கிவிடும். சரியாக மூன்று மணிக்குச் சின்ன முள் மூன்றில் நிற்காமல் தள்ளி நின்றால் அதுவும் இதே பழுதுதான்.

கையேடு எழுதுபவர்

பக்கவாட்டில் பார்த்தேன். நிமிட முள்ளின் நடுப்பகுதி மணி முள்ளின் மேல் படுத்தே கிடந்தது. தாங்கள் கூறியபடி வளைத்து, நேரம் சரிசெய்து, மூன்று நாளாகக் கவனித்தேன். ஒவ்வொரு சந்திப்பையும் தடையின்றிக் கடக்கிறது. ‘முள்முட்டல்’ என்பதையே கையேட்டில் எழுதுகிறேன், ‘பிந்தல்’, ‘படிதவறல்’ இரண்டையும் சேர்த்துக்கொள்கிறேன். இயங்கு பகுதிக்கு ‘மெஷின்’ என்றே எழுதுவேன், கடையில் போய் மாற்று வாங்குபவர் அந்தப் பெயரைத்தானே சொல்ல வேண்டும்.

தமிழாசிரியர்

மெஷினுக்கு ‘பொறி’ என்று ஒருமுறையேனும் எழுதிவிட்டுத் தொடருங்கள் என்பது என் வேண்டுகோள். விநாடி முள் கண்ணாடியைத் தொட்டால் அதையும் முள்முட்டல் என்று கூறலாமா? என் கருத்தில் கூறலாம். யாழ்ப்பாண நண்பர் என்ன சொல்கிறார்?

உறுப்பினர், யாழ்ப்பாணம்

நாங்கள் ‘கண்ணாடியிலே முட்டுது’ என்று இடத்தைச் சேர்த்தே சொல்வோம். தனிச்சொல்லாக எழுதினால் முள்ளும் முள்ளும் என்றே புரிந்துகொள்வார்கள். கண்ணாடிக்கும் அதையே எழுதுவது பற்றி எனக்கு இன்னும் தயக்கம் உண்டு.

கையேடு எழுதுபவர்

கண்ணாடியைப் பற்றி முடிவு செய்யும் வரை அந்தப் பத்தியை நிறுத்தி வைக்கிறேன். இன்னொரு செய்தியும் உண்டு. கடிகாரம் இப்போது நிற்பதில்லை என்றாலும் மூன்று நாளில் இரண்டு நிமிடம் பிந்தியிருக்கிறது. இது மாதத்திற்கு அரை நிமிடம் என்ற கணக்கில் அடங்காது.

கடிகாரம் பழுதுபார்ப்பவர்

அப்படியானால் எங்கோ இன்னும் படி தவறுகிறது. விநாடி முள்ளை நேராக வெளியே இழுத்துக் கழற்றிவிட்டு, மற்ற இரண்டு முள்ளோடு மட்டும் இரண்டு நாள் ஓடவிடுங்கள். பிந்தாமல் ஓடினால் குறை விநாடி முள்ளிலோ அது முட்டும் இடத்திலோ இருக்கிறது. அப்போதும் பிந்தினால் பல்சக்கரத்தில் தூசியோ பிசுக்கோ இருக்கிறது என்று பொருள், அந்த மெஷினைத் திறந்து துடைப்பதைவிட மாற்றுவதே சுலபம். மாற்றும்போது பழையதன் தண்டு நீளத்தை அளந்து கொண்டு போங்கள், குட்டையான தண்டை மாட்டினால் முள்கள் மறுபடியும் நெருங்கிவிடும்.