வீலைக் கழற்றிய பிறகு போகும் போன்

பத்தாம் நம்பர் ஸ்பேனர்:
கார் ஒர்க்‌ஷாப்பில் வண்டியை வாங்கி ஜாப் கார்டு போடுவது என் வேலை. எழுதிக் கொடுத்த வேலைக்கு நடுவில் புதிதாக ஒன்று தென்பட்டால் வாடிக்கையாளரிடம் நீங்கள் எல்லாம் எப்படிச் சொல்கிறீர்கள்? என் அனுபவத்தை முதலில் எழுதிவிடுகிறேன்.

போன மாதம் ஒரு கார். "பிரேக் பிடிச்சா முன்னாடி கீச்சுனு சத்தம் வருது" என்றார் ஓட்டி வந்தவர். கார்டில் அவர் சொன்னதை அப்படியே எழுதினேன், 'பேட் மாற்றவும்' என்று எழுதவில்லை. இதில் எங்கள் ஃபோர்மேன் ரொம்பக் கண்டிப்பு. வாடிக்கையாளர் சொன்னது ஒரு கட்டம், நாம் பார்த்தது அடுத்த கட்டம், செய்யப்போவது மூன்றாவது. முதல் கட்டத்திலேயே வைத்தியத்தை எழுதிவிட்டால், பேட் மாற்றிய பிறகும் சத்தம் நிற்காதபோது 'நீங்க கேட்டதைத்தானே செஞ்சோம்' என்று அசட்டுத்தனமாகப் பேச வேண்டிவரும்.

கிலோமீட்டர், டேங்கில் இருந்த அளவு, கதவில் இருந்த பழைய கீறல் எல்லாம் குறித்துக் கையெழுத்து வாங்கினேன். எஸ்டிமேட்டில் முன் பேட் ஒரு செட், அதற்கான கூலி, அவ்வளவுதான். "கழட்டிப் பார்த்து வேற ஏதாவது தெரிஞ்சா போன் பண்ணுவோம், நீங்க சரின்னு சொல்லாம தொட மாட்டோம்" என்று சொல்லி, எந்த நம்பரில் எத்தனை மணிவரை கிடைப்பார் என்பதையும் எழுதிக்கொண்டேன். பலரும் இந்தக் கடைசி வரியை விட்டுவிடுகிறார்கள்.

பேட் மாற்றுவது சின்ன வேலை என்பதால் கார்டு இளைய மெக்கானிக்கிடம் போனது. இடது முன் வீலைக் கழற்றிவிட்டு, "பேட் சுத்தமா போயிடுச்சுண்ணா" என்று கூப்பிட்டான். போய்ப் பார்த்தால் உள்பக்கப் பேட் 2 மில்லிமீட்டர்தான் மிச்சம், வெளிப்பக்கம் 6 இருந்தது. ஒரே வீலில் இரண்டு பேட் இவ்வளவு வித்தியாசமாகத் தேய்கிறது என்றால் காலிப்பர் தாராளமாக நகரவில்லை. ஸ்லைடு பின் ரப்பர் கிழிந்து தண்ணீர் போய் துருப்பிடித்து இறுகியிருந்தது. பேட் மட்டும் மாற்றியிருந்தால் புதுசும் இதே மாதிரிதான் போயிருக்கும்.

உடனே போனை எடுத்தேன். ஃபோர்மேன், "நில்லு. வலது பக்கமும் கழட்டட்டும், டிஸ்க்கையும் அளந்துட்டுப் பேசு" என்றார். பையன் வெர்னியர் வைத்து 21.4 என்றான். குறைந்தபட்சத் தடிமன் 20 என்று டிஸ்க்கிலேயே பொறித்திருந்தது, அதனால் நிம்மதியாகிவிட்டான். ஃபோர்மேன் மைக்ரோமீட்டரைப் பேட் உரசும் இடத்தில் வைத்து, சுற்றி நாலைந்து இடத்தில் பார்த்தார். எங்குமே 20.2க்கு மேல் காட்டவில்லை. பேட் படாத வெளிவிளிம்பு தேயாமல் மேடாக நிற்கும். வெர்னியரின் தாடை அந்த மேட்டில் உட்கார்ந்து பொய் சொல்லியிருக்கிறது. வலது டிஸ்க்கும் கிட்டத்தட்ட அதே அளவு, ஆனால் அந்தப் பக்கத்து ஸ்லைடு பின் நன்றாக நகர்ந்தது.

எல்லாம் கார்டில் ஏறிய பிறகுதான் போன் போட்டேன். அதற்கு முன்னால் இரண்டு பேடையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு படமும், மைக்ரோமீட்டர் படமும் அனுப்பினேன். "பேட் மட்டும்னுதானே சொன்னீங்க?" என்றார், குரலில் சந்தேகம். நான் இரண்டாகப் பிரித்துச் சொன்னேன். ஸ்லைடு பின் வேலை இப்போதே செய்தாக வேண்டும், அது இல்லாமல் புதுப் பேட் போட்டு அர்த்தமில்லை. டிஸ்க் இன்னும் அளவுக்குள் இருக்கிறது, இன்றே கட்டாயம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இந்தப் பேட் தேய்ந்து முடிவதற்குள் 20க்குக் கீழே போய்விடும், போட்டால் இரண்டு பக்கமும் சேர்த்துத்தான் போட வேண்டும். இன்றே செய்தால் கூலி ஒரே தடவை. அதனதன் தொகையையும், டெலிவரி எவ்வளவு தள்ளும் என்பதையும் சொன்னேன்.

ஸ்லைடு பின்னுக்குச் சரி என்றார், டிஸ்க்கை அடுத்த முறைக்கு வைத்துக்கொள்ளலாம் என்றார். மணி, பேசியவர் பெயர், ஒப்புக்கொண்ட தொகை, மறுத்த வேலை, அளந்த அளவு எல்லாம் கார்டில் ஏறியது. அதையே குறுஞ்செய்தியாக அனுப்பி 'சரி' என்று பதிலும் வாங்கினேன்.

கிரீஸ் கை:
டிஸ்க்கை ஏன் மாத்தணும்? கடைசல்ல குடுத்து ஒரு சீவு சீவினா புதுசு மாதிரி ஆயிடும். நாங்க அப்படித்தான் பண்றோம். இந்தக் காலத்துப் பசங்க எதைப் பார்த்தாலும் புதுசு போடச் சொல்றாங்க.

நாலாவது பே:
கிரீஸ் கை அண்ணா, சீவலாம்தான், ஆனா சீவின பிறகும் குறைந்தபட்ச அளவுக்கு மேல நிக்கணுமே. இவர் டிஸ்க் 20.2. பக்கத்துக்கு 0.1 எடுத்தாலே 20க்கு வந்துடும், கோடு விழுந்த டிஸ்க்னா அந்த அளவு சீவினா பத்தாது. அதுவும் பொறிச்சிருக்கிறது தேய்மான எல்லை. சீவின பிறகு இருக்க வேண்டிய அளவை சில கம்பெனிகள் தனியாகவே தருவாங்க, அது இதைவிட அதிகமாத்தான் இருக்கும். 21.3 இருந்திருந்தா நீங்க சொன்னது சரி.

பின்சீட்டுக்காரன்:
நான் வாடிக்கையாளர் பக்கம். என் வண்டியை ஒரு இடத்தில் விட்டேன் (பெயர் வேண்டாம்). காலையில் போன், பேட் போயிடுச்சு. மதியம் போன், காலிப்பர் பிடிச்சிருக்கு. சாயங்காலம் இன்னொரு போன், வீல் பேரிங் சத்தம் போடுது. மூன்றும் உண்மையாகவே இருந்திருக்கலாம், எனக்குத் தெரியாது. மூன்றாவது போனில் வண்டியை மூடிக் கொடுங்கள் என்று சொல்லி எடுத்துவந்துவிட்டேன். ஏமாற்றினார்களா இல்லையா?

நாலாவது பே:
ஏமாத்தலாம்னு நினைக்கிறவன் பெரும்பாலும் ஒரே போன்ல பெருசாச் சொல்லுவான். உங்களுக்கு நடந்தது வேலை பிரிச்சுக் குடுத்ததுல வந்த கோளாறா இருக்கும்னு தோணுது. பேரிங்கைப் பார்க்கக் கழட்டவே வேண்டாம், வண்டியை லிஃப்ட்ல தூக்கினதும் வீலை மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டணும், கையால சுத்தி ஸ்ப்ரிங் மேல கை வெச்சா உறுமல் தெரியும். காலையிலயே செய்ய வேண்டியதைச் சாயங்காலம் செஞ்சிருக்காங்க.

எங்க இடத்துல கார்டை ரெண்டு பேர் பேருக்குப் போடுவோம். தூக்கினதும் முதல் அரை மணி நேரம் மூத்தவர் பார்ப்பார். அந்த அச்சுல ரெண்டு வீல், பேட், டிஸ்க், பின், ஹோஸ், பேரிங், பால் ஜாயிண்ட். அவர் அளவை எழுதிட்டு அடுத்த வண்டிக்குப் போயிடுவார், மாட்டுற வேலை இளையவருக்கு. எந்த வேலை சின்னதுன்னு கழட்டிப் பார்க்காம எப்படித் தெரியும்? பேட் மாத்துறது சின்ன வேலை, பேட் ஏன் இப்படித் தேஞ்சுதுன்னு கண்டுபிடிக்கிறது சின்ன வேலை இல்லை. அதனால வாடிக்கையாளருக்கு ஒரே போன்தான். ரெண்டாவது போன் போனாலே எங்க முதலாளி கார்டை வாங்கிப் பார்ப்பார்.

ஆனா ஒரு தொல்லை உண்டு. காலையில ஆறு வண்டி ஒரே நேரத்துல வந்தா மூத்தவர் முன்னாடி வரிசை கட்டும், இளையவங்க கை கட்டி நிப்பாங்க. வர்ற நேரத்தைத் தள்ளித் தள்ளிக் குடுத்துத்தான் சமாளிக்கிறோம்.

மழைக்கால ஓட்டுநர்:
கீச் சத்தத்துக்கு என்ன ஸ்ப்ரே அடிக்கலாம்? என் வண்டியில் காலையில் மட்டும் வருகிறது.

நாலாவது பே:
எதையும் அடிக்காதீங்க, பிரேக்ல எண்ணெய்ப் பசை பட்டா பேட் பாழ். காலையில ரெண்டு மூணு தடவை மிதிச்சதும் போயிடுதுன்னா பெரும்பாலும் ராத்திரி ஈரத்துல டிஸ்க் மேல படிஞ்ச துரு. போகலைன்னா கழட்டிப் பார்க்கணும்.

கணக்குப் புத்தகம்:
சிறிய ஒர்க்‌ஷாப் நடத்துகிறேன். யார் 'சரி' சொன்னது என்பதில்தான் எனக்கு அதிகத் தகராறு வருகிறது. வண்டியைக் கொண்டுவந்து விட்ட டிரைவர் போனில் சரி என்றார், பில்லைப் பார்த்த உரிமையாளர் "நான் சொல்லவே இல்லையே" என்றார். இப்போது கார்டிலேயே 'கூடுதல் வேலைக்கு ஒப்புதல் தருபவர்' என்று தனி வரி அச்சடித்துவிட்டேன். கழற்றிய பழைய பாகங்களையும் டெலிவரி வரை பையில் போட்டு, கார்டு எண் எழுதி வைக்கிறோம். கையில் கொடுத்ததும் பாதிக் கேள்விகள் நின்றுவிடும்.

இன்னொன்று கேட்க வேண்டும். கூடுதல் வேலை கண்டுபிடிக்கும் மெக்கானிக்குக் கமிஷன் கொடுக்கிறீர்களா? கொடுத்தபோது எல்லா வண்டியிலும் எதையாவது கண்டுபிடித்தார்கள். நிறுத்தினேன், இப்போது ஸ்லைடு பின் இறுகியிருந்தாலும் பேசாமல் எண்ணெய் விட்டு மூடிவிடுகிறார்கள் என்று சந்தேகம்.

கிரீஸ் கை:
கமிஷன் குடுத்தா கண்ணு கெட்டுப்போகும். மாசச் சம்பளம்தான் நல்லது.

நாலாவது பே:
நாங்க அளவு எழுதுறதுக்குப் பார்க்கிறோம், விக்கிறதுக்கு இல்லை. எந்த வண்டியா இருந்தாலும் கார்டுல பேட் அளவும் டிஸ்க் அளவும் காலியா இருந்தா கேள்வி வரும், நல்லா இருந்தா நல்லா இருக்குன்னு நம்பரா எழுதணும். அதுக்காகக் கமிஷன் பிரச்சினை தீர்ந்துடுச்சுன்னு சொல்ல மாட்டேன். மூத்தவர் அந்த அரை மணி நேரத்துக்கு எந்தக் கணக்குல சம்பாதிக்கிறார்ங்கிறது எங்க இடத்துலயும் மாசா மாசம் சண்டைதான்.

பத்தாம் நம்பர் ஸ்பேனர்:
பின்சீட்டுக்காரன் சொன்னதைப் படித்ததும் எங்கள் ஃபோர்மேன் என் போனை ஏன் நிறுத்தினார் என்று புரிகிறது.

வாடிக்கையாளர் போனை எடுக்காவிட்டால் என்ன செய்கிறோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். படத்தோடு செய்தி அனுப்பிவிட்டுக் காத்திருப்போம். லிஃப்ட் வேறு வண்டிக்கு வேண்டுமென்றால் பழைய பேடையே போட்டு, வீலை மாட்டி, இறக்கி ஓரமாக நிறுத்துவோம். அப்போது போல்ட்டைக் கையால் மட்டும் இறுக்கி விடுவது ஆபத்து, ஏனென்றால் திரும்ப எடுப்பவர் வேறு மெக்கானிக்காக இருப்பார். டார்க் ரெஞ்ச் போட்டே இறுக்க வேண்டும், வேலை பாதியில் நிற்கிறது என்று ஸ்டீயரிங்கில் அட்டை மாட்ட வேண்டும், யார் எதுவரை செய்தார் என்று கார்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். மாலையில் ஆள் மாறும் இடங்களில் இந்த ஒரு வரியில்தான் வம்பே ஆரம்பிக்கும்.

எனக்கு விடை கிடைக்காதது வேறு. டிஸ்க் 20.2 என்பதால் அவர் மறுத்தபோது வண்டியை நிம்மதியாகக் கொடுத்தேன். 19.5 இருந்து மறுத்திருந்தால்? ஃபோர்மேன், அதன் மேல் புதுப் பேட் மாட்டித் தர மாட்டேன், பழையதையே போட்டு, எழுதிக் கையெழுத்து வாங்கி அனுப்பு என்கிறார். தேய்ந்த பேடோடு ஒருவரைச் சாலைக்கு அனுப்புவது எனக்கு ஒப்பவில்லை.

கணக்குப் புத்தகம்:
நான் புதுப் பேட் போட்டுக் கொடுத்து, பில்லிலேயே டிஸ்க் அளவைச் சிவப்பு மையில் எழுதுவேன். உங்கள் ஃபோர்மேன் செய்வதைச் செய்ய எனக்குத் தைரியம் இல்லை.

நாலாவது பே:
ரெண்டு பேரோடயும் எனக்கு ஒப்பு இல்லை. வண்டியை இழுத்துட்டுப் போற வாகனம் வரவழைச்சு வேற இடத்துக்கு எடுத்துட்டுப் போங்கன்னுதான் சொல்லுவேன். இதுவரைக்கும் ஒருத்தர் அப்படி எடுத்துட்டுப் போனார், மத்தவங்க எல்லாம் அந்தப் பேச்சு வந்ததுமே டிஸ்க்குக்குச் சரின்னுட்டாங்க.