டைட்டருக்கு ‘நீர்ப்புப்படி’ சரிவருமா?

திருவாரூர், ஆய்வக நுட்பர்:
எல்லோருக்கும் வணக்கம். சிபிலிஸ் சிகிச்சை முடித்தவர்களுக்குக் கொடுக்க ஒரு பக்கத் தாள் எழுதுகிறேன். டைட்டர் என்ற சொல்லுக்குத் தமிழ் கிடைக்காமல் நின்றுவிட்டேன். ‘செறிவு’ என்று போட்டுப் பார்த்தேன், படிக்கிறவரைத் தப்பான பக்கம் இழுக்கிறது.

போன மாதம் லாரி ஓட்டும் அண்ணன் ஒருவர் ரிப்போர்ட் கட்டோடு வந்தார். ஊசி போட்ட அன்று எடுத்த வி.டி.ஆர்.எல். இரத்தச் சோதனையில் டைட்டர் 1:32. ஆறு மாதத்தில் 1:8, ஓராண்டில் 1:4. மூன்றும் எங்கள் ஆய்வகத்தில் பார்த்தவை. பிறகு வேறு ஊரில் பரிசோதித்திருக்கிறார். அங்கே ஆர்.பி.ஆர். என்ற வேறு சோதனையில் 1:8, டி.பி.எச்.ஏ. என்ற இன்னொரு சோதனை பாசிட்டிவ். ‘இரண்டு மடங்கு ஏறிவிட்டது, நோய் திரும்பிவிட்டது’ என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். இரண்டு நாள் வீட்டுக்கே போகவில்லையாம்.

நாங்கள் செய்வது இதுதான்: இரத்தத்திலிருந்து பிரித்த சீரத்தை உப்புநீரில் பாதியாக நீர்க்கச் செய்கிறோம், அதை மறுபடி பாதியாக, இப்படியே இறங்கிப் போகிறோம். எந்தக் கட்டம் வரை துகள் திரள்கிறதோ அதுதான் டைட்டர். அதனால் ‘நீர்ப்புப்படி’ என்று வைக்கலாமா? 1:32 என்பது ஐந்தாம் படி, 1:8 மூன்றாம் படி.

மன்னார்குடி, ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்:
அம்மா, டைட்டர் என்பது எதிர்ப்பொருளின் அளவுதானே. ‘எதிர்ப்பொருள் அளவு’ போதும். 32 இருந்தது 16 ஆனால் பாதி குணம் என்று நோயாளிக்கே விளங்கிவிடும். படி என்றால் நம் பக்கத்தில் நெல் அளக்கிற படிதான் நினைவுக்கு வரும்.

கும்பகோணம், பால்வினை நோய் மருத்துவர்:
சார், எதிர்ப்பொருள் கூடினால் டைட்டர் ஏறும், அதுவரை சரி. ஆனால் 32 பதினாறானால் பாதி குணம் என்பதை ஏற்க மாட்டேன். ஒரே சீரத்தைக் காலையில் ஒரு தடவை, மதியம் ஒரு தடவை பார்த்தாலே ஒரு படி முன்பின் வரும். கண்ணால் பார்த்துச் சொல்கிற சோதனை அது. இரண்டு படி மாறினால்தான் கணக்கு. 32 எட்டுக்கு வந்தால் இறக்கம், 4 பதினாறுக்குப் போனால் ஏற்றம். ‘அளவு’ என்ற சொல் இதை மறைக்கிறது, ‘படி’ காட்டுகிறது. என் ஓட்டு படிக்குத்தான்.

லாரி அண்ணன் விஷயத்தில் இரண்டு குழப்பம். வி.டி.ஆர்.எல். 1:4-ஐ ஆர்.பி.ஆர். 1:8-ஓடு ஒப்பிடவே கூடாது. ஆர்.பி.ஆரில் கரித்தூள் சேர்ந்திருக்கும், வெறுங்கண்ணால் படிப்போம், பெரும்பாலும் சற்று மேலேயே நிற்கும். டி.பி.எச்.ஏ. கிருமிக்கே எதிரான எதிர்ப்பொருளைத் தேடுவது. ஒருமுறை வந்தால், குணமான பிறகும் பெரும்பாலோருக்கு ஆயுள் முழுக்கப் பாசிட்டிவாகவே இருக்கும். சிகிச்சை பலித்ததா என்பதற்கு அதைக் கேட்பதில் பயனில்லை.

ஆனாலும் தாளை மட்டும் பார்த்து ‘ஒன்றுமில்லை, போங்கள்’ என்றும் சொல்ல மாட்டேன். புதுப் புண் இருக்கிறதா, துணைக்குச் சிகிச்சை ஆனதா என்று கேட்டுவிட்டு, உங்கள் ஆய்வகத்திலேயே மறுபடி வி.டி.ஆர்.எல். எடுங்கள். 1:16 வந்தால் மறுதொற்றை நினைக்க வேண்டும்.

திருவாரூர்:
எடுத்தாச்சு டாக்டர். 1:4-தான். புண் இல்லை, அவர் மனைவிக்கும் அப்போதே ஊசி போட்டிருக்கிறது.

பாபநாசம், பள்ளி ஆசிரியை:
இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். முதல் பிரசவத்தின்போது எனக்கும் வி.டி.ஆர்.எல். 1:2 என்று வந்தது, டி.பி.எச்.ஏ. நெகட்டிவ். அப்படியானால் நான் முதல் படியில் இருந்தேனா? மாமியாரிடம் சொல்லாமல் ஒரு வாரம் அழுதேன்.

கும்பகோணம்:
இல்லைம்மா. வி.டி.ஆர்.எல். கிருமியை நேராகத் தேடுவதில்லை. கார்டியோலிப்பின் என்ற கொழுப்போடு சேரும் எதிர்ப்பொருளைத்தான் பார்க்கிறது. அது கர்ப்பத்தில் வரும், லூபஸில் வரும், தொழுநோயிலும் வரும். டி.பி.எச்.ஏ.வும் நெகட்டிவ் என்றால் பெரும்பாலும் பொய்ப் பாசிட்டிவ்தான். தொற்று மிகப் புதிதாக இருக்குமோ என்று சந்தேகம் வந்தால் சில வாரம் கழித்து மறுபடி பார்ப்போம். திருவாரூர் அம்மா, ‘முதல் படி’ என்றதும் நோயின் முதல் கட்டம் என்று இவர்கள் எடுத்துக்கொண்டதைக் கவனியுங்கள். ‘நீர்ப்பு’ என்பதை ஒரு இடத்திலும் விடாதீர்கள்.

மயிலாடுதுறை, தமிழ் முதுகலை மாணவர்:
ஐயா, வி.டி.ஆர்.எல்., ஆர்.பி.ஆர். சோதனைகளில் துகள் சேர்வதற்கும் டி.பி.எச்.ஏ.வில் நடப்பதற்கும் ‘திரட்சி’ என்ற ஒரே சொல்லைத்தான் எழுதுகிறோம். முன்னதற்குத் ‘திப்பிச் சோதனை’ என்று வைக்கலாமா? மாவு திப்பிதிப்பியாக இருக்கிறது என்கிறோமே.

திருவாரூர்:
ஆர்.பி.ஆர். அட்டையில் கறுப்பாகத் தெரிவது அப்படியேதான் இருக்கும் தம்பி. டி.பி.எச்.ஏ.வில் வேறு காட்சி. பாசிட்டிவ் என்றால் சிவப்பணு குழியின் அடியில் பாய் விரித்த மாதிரி பரவி நிற்கும், நெகட்டிவ் என்றால் பொத்தான் மாதிரி நடுவில் உட்காரும். இரண்டுக்கும் ஒரே சொல் வைத்தால் புதிதாக வருகிற பிள்ளைகள் பொத்தானைப் பார்த்துத் ‘திரண்டிருக்கிறது’ என்று எழுதிவிடுகிறார்கள்.

மன்னார்குடி:
இரண்டு படிக் கணக்கு எனக்குத் தெரியாது, என் வாக்கியத்தைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் திப்பி என்றால் சக்கை. ஏற்கெனவே கூனிக்குறுகி வருகிற ஆளிடம் அந்தச் சொல்லா?

கும்பகோணம்:
அதில் சார் சொல்வது நியாயம். இன்னொன்றுக்கும் சொல் வேண்டும். இறக்கம் முறையாக நடந்து, பிறகு 1:2, 1:4 என்று வருடக்கணக்கில் அங்கேயே நிற்கிற ஆட்கள் உண்டு. லாரி அண்ணனும் அப்படி நிற்கலாம்.

மயிலாடுதுறை:
நிலைப்படி?

மன்னார்குடி:
அது வாசல் நிலைப்படி அல்லவா, தம்பி.

திருவாரூர்:
தாளில் இப்போதைக்கு ‘நீர்ப்புப்படி’ என்று போட்டு, பக்கத்தில் சோதனையின் பெயருக்கும் ஆய்வகத்தின் பெயருக்கும் இரண்டு கட்டம் விடுகிறேன். திப்பி, நிலைப்படி இரண்டையும் வெள்ளிக்கிழமை வரை திறந்து வைக்கிறேன்.